தள்ளினால் இழுக்கும் கயிறு

கேள்வி: சேற்றில் சிக்கிய காரை நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தும் அசையவில்லை. ஒருவர் வந்து கயிற்றின் மறுமுனையை மரத்தில் இறுக்கிக் கட்டி, நடுவில் பக்கவாட்டில் தள்ளினார், கார் நகர்ந்தது! எப்படி?

பதில்: கயிற்றுக்குத் தன் நீளத்தின் திசையில் இழுக்க மட்டுமே தெரியும். பக்கவாட்டில் தள்ளுபவரை எதிர்க்க வேண்டுமானால், அது லேசாக வளைந்தாக வேண்டும். அப்போதும் அதன் இழுவிசையில் சிறு பங்குதான் அவருக்கு எதிராகத் திரும்பும். அந்தச் சிறு பங்கே அவர் பலத்துக்கு ஈடாக வேண்டுமென்றால், மொத்த இழுவிசை எவ்வளவு இருக்க வேண்டும்!

20 மீட்டர் கயிறு, நடுவில் அரை மீட்டர் வளைகிறது என்று வையுங்கள். இழுவிசை, தள்ளும் விசையைப்போல் 10 மடங்கு. 30 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளினால், கயிறு காரை 300 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். நால்வர் சேர்ந்து இழுத்தும் எட்டாத விசை இதுதான்.

ஆனால் இயற்கை இனாம் தராது. அந்த அரை மீட்டருக்குக் கார் நகர்வது வெறும் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு மீட்டர் வளைந்தால் பெருக்கம் 5 மடங்காகக் குறைந்துவிடும். அதனால் கார் சற்று நகர்ந்ததும் சக்கரத்துக்குக் கல் வைத்து, கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டும். நீளும் நைலான் கயிறு இதற்கு உதவாது. உங்கள் உழைப்பையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். அறுந்தால் சாட்டையாக வீசும் என்பதால், மற்றவர்கள் தள்ளியே நிற்கட்டும்.