நின்று கும்பிடுபவர்

வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து ஒரகடம் பக்கம் போனாலும் சரி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனாலும் சரி, சாலையோரம் ஏதாவது ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் வந்துவிடும். எந்தச் சுவருக்குள் போய்ப் பார்த்தாலும் உள்ளே இவர் ஒருவர் இருப்பார். ஸ்டோர்ஸ், குவாலிட்டி, ஹெச்.ஆர். என்று துறை மாறலாம், ஆள் மாறமாட்டார். எதிரே யார் வந்தாலும் பிரேக் போட்டதுபோல் நின்று, இரண்டு கைகளையும் குவித்து, "வணக்கம் சார், சாப்பிட்டாச்சா?" என்பார்.

காலை எட்டே முக்காலுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. பத்து மணிக்கு டீ குடிக்கப் போகும்போது அதே ஆளிடம் அதே கும்பிடு, அதே கேள்வி. பதினொன்றரைக்கு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் மறுபடியும். சாப்பாட்டு மணி முடிந்து, கேன்டீனில் இவருக்கு எதிரே உட்கார்ந்து சாம்பார் வாங்கி ஊற்றிக்கொண்டவரையே மூன்று மணிக்கு வராந்தாவில் நிறுத்தி, "சாப்பிட்டாச்சா சார்?"

மற்றவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்த ஒரு கணக்கு இவருக்கு மட்டும் எட்டவில்லை. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1971-இல் வெளியான 'ரிலேஷன்ஸ் இன் பப்ளிக்' நூலில் அந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார். ஒரே இடத்தில் புழங்குகிறவர்கள் ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சந்தித்தால், வணக்கம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய வேண்டும். முதல் தடவை வாய் திறந்து சொல்வது, அடுத்தது புன்சிரிப்பு, அதற்கடுத்தது தலையசைப்பு, கடைசியில் புருவம் லேசாக ஏறி இறங்கினாலே போதும். மறுநாள் காலை கணக்கு புதிதாகத் தொடங்கும். தேய்வதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் சொன்ன வணக்கம் இன்னும் செல்லுபடியாகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். நம்மவரோ அதை மணிக்கொரு தரம் புதுப்பிக்கிறார். புதுப்பிக்கப் புதுப்பிக்க, காலையில் சொன்னது காலாவதியாகிவிட்டதோ என்று எதிராளிக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

நீண்ட வராந்தாதான் இவருக்கு உண்மையான ஆடுகளம். அட்மின் பிளாக்கில் 40 மீட்டர் வராந்தா ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு முனையிலிருந்தும் இருவர், நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் வேகத்தில், அதாவது சாதாரண நடையில், எதிரெதிரே வருகிறார்கள். ஒருவரை ஒருவர் கடக்க 16 நொடி ஆகும். 16 நொடி சிரித்தபடியே நடந்துவர மனிதத் தாடையால் முடியாது. அதனால்தான் எல்லோரும் தூரத்தில் பார்த்ததும் ஒரு சின்ன அடையாளம் காட்டிவிட்டு, நோட்டீஸ் போர்டையோ செல்போனையோ பார்ப்பார்கள். நாலைந்து அடி தூரத்தில்தான் மறுபடி நிமிர்வார்கள். ஆடம் கென்டன், ஆண்ட்ரூ ஃபெர்பர் இருவரும் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களைப் படம்பிடித்து, 1973-இல் வெளியிட்ட ஆய்விலும் இதையேதான் கண்டார்கள்: தூரத்தில் ஒரு வணக்கம், நெருங்கும்போது பார்வை விலகல், கிட்டத்தில் இன்னொரு வணக்கம். நம்மவர் பார்வையை விலக்குவதே இல்லை. 40 மீட்டரிலேயே கையைக் குவித்துவிடுவார். குவித்த கையோடு 16 நொடியும் நடந்து வருவார். எதிரே வருகிறவர், பாவம், பாதி வழியில் தேவையே இல்லாமல் பாத்ரூமுக்குள் திரும்பிவிடுகிறார்.

தலையசைத்தால் போதும் என்று ஒரு நல்ல நண்பர் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. அதிலும் சிக்கல் வந்தது. நம் ஊரில் தலையைக் கீழே தாழ்த்தினால் மரியாதை. பக்கவாட்டில் ஆட்டினால் 'சரிப்பா, ஆகட்டும்'. முகவாயை மேலே தூக்கினால் 'என்னடா விஷயம்?' மூன்றாவது, லைனில் கூட வேலை பார்க்கும் சேக்காளிக்கு உரியது. அதை நம்மவர் பிளான்ட் ஹெட்டிடம் பயன்படுத்தினார். பிளான்ட் ஹெட்டும் நின்றுவிட்டார். ஏதோ அவசர விஷயம் என்று நினைத்து, "சொல்லுங்க" என்றார். இவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. "சாப்பிட்டாச்சா சார்?" என்றார்.

இந்தப் பகுதியில் ஜப்பானியரும் கொரியரும் நிறைய. ஜப்பானிய அலுவலகப் பயிற்சியில் வராந்தாவில் கடந்துபோகும்போது செய்யும் குனிதலுக்கு ஒரு பெயரும் அளவும் உண்டு: எஷாகு, சுமார் 15 டிகிரி. வாடிக்கையாளரை வரவேற்க 30 டிகிரி. ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45. ஜப்பானிய அதிகாரி ஒருவர் கோப்போடு போகிற போக்கில் 15 டிகிரி சாய்ந்தார். நம்மவர் மரியாதை குறையக் கூடாதென்று 45-க்கு இறங்கினார். தான் ஏதோ பெரிய தவறு செய்து, அது தனக்கே தெரியாமல் போய்விட்டதோ என்று அந்த அதிகாரி இன்னும் ஆழமாகக் குனிந்தார். கோப்பிலிருந்த காகிதங்கள் தரையில் விழுந்தபோதுதான் ஒரு முடிவு வந்தது.

லிஃப்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாடி ஏற அரை நிமிடம்கூட ஆகாது. ஏறும்போது ஒரு தலையசைப்பு, இறங்கும்போது 'வர்றேன்' என்பதுபோல் ஒரு பார்வை, நடுவில் எல்லோரும் கதவு மேல் மாறும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது: இதுதான் ஊர் வழக்கம். இவர் முதல் மாடியில், "பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டானா?" என்று தொடங்குவார். பதில் பாதியில் இருக்கும்போது இரண்டாம் மாடி வந்துவிடும். கதவு மூடாமலிருக்க ஒரு கையை நடுவே நீட்டிவைத்துக்கொண்டு முழுக் கதையும் கேட்டு முடிப்பார். மேலே போக வேண்டியவர்கள் படிக்கட்டைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஷாப் ஃப்ளோரில் அப்படி இல்லை. அங்கே தலையசைப்பு ஒரு வேலைக் கருவி. பச்சைப் பாதையை விட்டு ஃபோர்க்லிஃப்ட் போகும் வழியைக் கடக்கிறவர், நின்று, டிரைவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். டிரைவர் வண்டியை நிறுத்தி, 'பார்த்துட்டேன், போங்க' என்று தலையை அசைத்த பிறகே காலை எடுத்துவைக்க வேண்டும். பளுவைத் தூக்கி வரும்போது டிரைவருக்கு முன்னால் பாதி மறைந்திருக்கும் என்பதால்தான் இத்தனை கண்டிப்பு. அங்கே போய் நம்மவர் ஒரு கையை உயர்த்தி உள்ளங்கை தெரிய வணக்கம் வைத்தார். விரித்த உள்ளங்கைக்கு அந்த இடத்தில் ஒரே பொருள்தான்: 'நிறுத்து!' டிரைவர் பதறி பிரேக்கை அழுத்த, பேலட்டின் மேலிருந்த அட்டைப்பெட்டி ஒன்று சரிந்தது. சேஃப்டி ஆபீசர் ஓடிவந்து யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டபோது, டிரைவர் சொன்னார்: "யாரும் சொல்லல சார். வணக்கம் வெச்சாரு."

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தலையசைப்புக்கூடக் கிடைக்காதவர்கள் கம்பெனியில் உண்டு. தரை துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி அக்காவைச் சுவராக நினைத்துக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி சல்யூட் அடித்தாலும், கார் கண்ணாடிக்குள்ளிருந்து பதில் வருவதில்லை. வீட்டில் துக்கம் நடந்து லீவு முடிந்து வருகிறவருக்கும், சேர்ந்து மூன்று நாளான பயிற்சிப் பையனுக்கும் தலையசைப்பு போதாது. நின்று ஒரு வார்த்தை பேசத்தான் வேண்டும். இவர்கள் எல்லோரிடமும் நிற்கிற ஒரே ஆள் நம்மவர்தான். போன வாரமும் வராந்தா வளைவில் அந்த அக்காவைப் பார்த்ததும் நின்று, கை குவித்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.

"ஆச்சு சார், காலையிலயே சொன்னேனே" என்றார் அக்கா. "கும்பிட்டது போதும், ஈரத்துல நிக்காதீங்க. இப்பதான் தொடைச்சேன்."