முதற்பல் வீழ்ச்சி: ஓர் ஆய்வு
(எட்டு வயது அறிஞர்களுக்காக எழுதப்பட்டது. பெரியவர்கள் யாரிடமாவது விளக்கம் கேட்டுப் படிக்கவும்.)

1. முன்னாய்வுகள்

பல் ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதல்ல. எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று எண்ணும்போது தொல்காப்பியர் நாக்கு, உதடு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் பல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. உரையாசிரியர்களும் சொல்லவில்லை. பிற்கால ஆய்வாளர்களோ, முன்னோர் எதையெல்லாம் சொல்லவில்லை என்பதையே 400 பக்கத்துக்கு எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே ஆய்வுலகில் ஓர் இடைவெளி இருக்கிறது. அது கீழ்வரிசையில், சரியாக நடுவில் இருக்கிறது.

ஆய்வுப் பொருள்: திருநெல்வேலியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியின் கீழ் முன்பல். இனி இவள் ‘சின்னவள்’ எனப்படுவாள். துணை அறிஞர்: அவள் அண்ணன், வயது எட்டு, ஏற்கெனவே பல் விழுந்தவன் என்பதால் மிகுந்த தலைக்கனம் உடையவன். இனி ‘பெரியவன்’. தலைமை அறிஞர்: ஆச்சி. நான் மாமா. எழுதுவது மட்டும் என் வேலை.

2. ஆட்டத்தின் வகைகள்

அ. நாக்காட்டம்: நாள் முழுக்க நடப்பது.

ஆ. விரலாட்டம்: கை கழுவிய பிறகு மட்டும்.

இ. விருந்தாட்டம்: வீட்டுக்கு வந்தவர் காப்பி குடிக்கும்போது அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவது. வந்தவர் காப்பியைப் பாதியில் வைத்துவிடுவார்.

ஈ. பரீட்சையாட்டம்: கணக்குப் பரீட்சை அன்று காலையில் மட்டும் பல் பயங்கரமாக ஆடும். லீவு கிடைத்ததும் கல்லாக நின்றுவிடும்.

3. காரணம்

பல் ஏன் விழுகிறது? சாக்லேட்டைத் தங்கையே தின்றதால் என்பது ஒரு கொள்கை (பெரியவன், ‘எனக்கு எல்லாம் தெரியும்’, முதல் தொகுதி). இது ஏற்கத்தக்கதன்று.

உண்மை வேறு. பால்பற்கள் மொத்தம் 20. சின்னவளுடைய முன்பல்லுக்கு அடியில், தாடைக்குள்ளே, ஒரு புதுப்பல் ரகசியமாக வளர்ந்துகொண்டிருந்தது. அது மேலே ஏற ஏற, உடம்பே பால்பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். வேர் போனபின் பல்லைப் பிடித்திருப்பது ஈறு மட்டும்தான். அதனால்தான் ஆட்டம். பெரும்பாலும் கீழ் நடுப்பற்கள் இரண்டும்தான் முதலில், ஆறு ஏழு வயதில், விழும். சிலருக்குக் கொஞ்சம் முந்தும், சிலருக்குப் பிந்தும். விழுந்த பல் குட்டையாக, வேரில்லாமல் இருப்பதைப் பார்த்து, “பாதிப் பல் உள்ளேயே மாட்டிக்கிச்சு, இனி அது மூளைக்குப் போகும்” என்று ஓர் அறிஞர் தங்கையை அழவைத்தார் (பெரியவன், மேலது, இரண்டாம் தொகுதி, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தியது). அவருக்கு அன்று மாலை டிவி மறுக்கப்பட்டது.

4. நூல்-கதவு முறை

பல்லில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவுப் பிடியில் கட்டி, கதவை ஓங்கிச் சாத்த வேண்டும். இந்த முறையில் ஒரே ஒரு குறை. கதவு போகும் பக்கமே சின்னவளும் ஓடினாள். பெரியவன் எவ்வளவு வேகமாகச் சாத்தினாலும் அவள் அதைவிட வேகமாக ஓடினாள். கடைசியில் பல் இருந்தது, கதவுப் பிடி கையோடு வந்துவிட்டது.

“ஏலே, வேரு கரையுறதுக்கு முந்தி இழுத்தா வலிக்கும், ரத்தமும் நிறைய வரும். அதுவா விழட்டும்” என்பது தலைமை அறிஞரின் தீர்ப்பு (ஆச்சி, ‘அடுக்களை உரைகள்’, கையில் கரண்டியுடன்). மருத்துவமும் இதையேதான் சொல்கிறது.

5. வீழ்ச்சி

பல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் விழுந்தது. சின்னவள் கடித்த மிட்டாயில் பாதியைப் பெரியவன் பிடுங்கிக்கொண்டான். வாயருகே கொண்டுபோனபோது ஒரு கடலை மட்டும் மிக வெள்ளையாக இருப்பதைக் கவனித்தான். அவன் போட்ட சத்தத்தில் பல் விழுந்தது அவனுக்கே என்று தெரு முழுக்க நம்பியது.

கொஞ்சம் ரத்தம் வந்தது. ஆச்சி வாய் கொப்பளிக்க வைத்து, சுத்தமான துணியை மடித்துக் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். சில நிமிடத்தில் நின்றுவிட்டது.

6. எலியா, அணிலா?

இப்போது உலக அறிஞர்களைப் பிளவுபடுத்தியுள்ள கேள்விக்கு வருவோம். விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய வேண்டும். ஆனால் எடுத்துக்கொள்வது யார்?

அணில் என்பது ஒரு கட்சி (ஆச்சி, ‘திண்ணைப் பேருரைகள்’, காப்பிக்குப் பின்). எலி என்பது எதிர்க்கட்சி (பெரியவன், மூன்றாம் தொகுதி, திருத்திய பதிப்பு, திருத்தியது அம்மா). எலிக்கட்சிக்கு வெளிநாட்டு ஆதரவு உண்டு. ஸ்பெயின் அரசன் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்கு எட்டு வயதில் பல் விழுந்தபோது, அவனுக்காக லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் பெரெஸ் என்னும் எலியின் கதையை எழுதினார். அந்த எலிக்கு மாட்ரிட் நகரில் நினைவுப் பலகையே இருக்கிறது. அணிலுக்கு அங்கே பலகை எதுவும் இல்லை என்றான் பெரியவன். “அணிலுக்கு ராமரே முதுகுல கோடு போட்டுருக்காருலே, பலகை எதுக்கு?” என்றாள் ஆச்சி (மேலது, ஆனால் சற்றுக் கோபமாக).

நடுநிலையாளர் கூற்று: எலி, அணில் இரண்டும் கொறிக்கும் விலங்குகள். இரண்டுக்குமே முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துக் கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயே மூட முடியாது. ஆகவே நல்ல பல் வேண்டுமென்றால் யாரிடம் கேட்டாலும் ஒன்றுதான் (மாமா, வெளியிடப்படாத கருத்து, யாரும் கேட்காததால் வெளியிடப்படவில்லை).

ஜப்பானில் கீழ்ப்பல்லைக் கூரைமேலும் மேல்பல்லைத் தரைக்கு அடியிலும் போடுவார்கள். புதுப்பல் அந்தத் திசையைப் பார்த்து நேராக வளருமாம். சின்னவளுக்கு இது பிடித்துப்போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, கீழ்ப்பல்லை ஓங்கி மேலே வீசினாள்.

பல் கூரைக்குப் போகவில்லை. மாடிவீட்டுத் தாத்தாவின் பால்கனிக்குப் போயிற்று. சற்று நேரத்தில் தாத்தா பல்லை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். “நம்ம செட்டுல எதுவும் குறையலையே, இது யாருது?” என்றார்.

அவர் கட்டியிருப்பது பல்செட். இரவில் அதை டம்ளரில் போட்டுவைப்பார். எடுத்தவர் பல்லைப் போலத்தான் புதுப்பல் முளைக்கும் என்று பெரியவன் உடனே ஒரு புதுக் கொள்கையை வெளியிட்டான். அன்றிரவு சின்னவள் தலைமாட்டில் ஒரு டம்ளரை எடுத்துவைத்துக்கொண்டு படுத்தாள்.

7. முடிவுகள்

சில வாரங்களில் புதுப்பல் எட்டிப் பார்த்தது. டம்ளர் தேவைப்படவில்லை. பல்லின் நுனியில் மூன்று சிறு மேடுகள், ரம்பம் மாதிரி. புதிதாக முளைக்கும் முன்பல்லுக்கு அப்படித்தான் இருக்கும், கடிக்கக் கடிக்கத் தேய்ந்து சமமாகிவிடும். ஆனால் கொறிப்பதற்காகவே செய்த பல் இது, ஆகவே எலிதான் என்றது ஒரு கட்சி. முதுகுக் கோடும் மூன்று, பல் மேடும் மூன்று, ஆகவே அணில்தான் என்றது மறுகட்சி. ஒரே சான்றால் இரண்டு கட்சிகளும் வென்றுவிட்டதால், முறைப்படி இது மிக வெற்றிகரமான ஆய்வு.

ஆய்வுக்குரிய பல் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. அது அப்போது பெரியவனுடைய பங்கு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.