விசாரணை அறிக்கையை ஒரே பக்கத்தில் சுருக்கி ஆளை ஒழிப்பது எப்படி?

எம்.டி. நாற்பது பக்கம் படிக்க மாட்டார். உங்கள் ஒரு பக்கத்தைத்தான் படிப்பார். எனவே அதிகாரம் உங்கள் கையில்.

ஜெனரேட்டர் ஆபரேட்டர் ஒருவர் மேல் துறை விசாரணை நடந்ததாக வைத்துக்கொள்வோம். குற்றச்சாட்டு இரண்டு: 180 லிட்டர் டீசலை வெளியில் விற்றார், 11 நாள் லாக் புத்தகம் எழுதவில்லை. விசாரணை அதிகாரி சாட்சிகளைக் கேட்டுவிட்டு, முதலாவது நிரூபணமாகவில்லை, இரண்டாவது நிரூபணமாயிற்று என்கிறார். டேங்கை அளப்பது குச்சியால், தரை சமமில்லை, விற்றதைப் பார்த்தவர் யாரும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பரிந்துரை: டீசல் லைனில் மீட்டர் பொருத்துங்கள், லாக்கில் இரண்டு பேர் கையெழுத்து வாங்குங்கள்.

இதை இப்படிச் சுருக்குங்கள்: “டீசல் விற்ற ஆபரேட்டர் லாக் எழுதாதது நிரூபணமானதால், மீட்டர் பொருத்தப் பரிந்துரைக்கப்படுகிறது.” எவ்வளவு அழகு! ‘விற்ற’ என்று ஆபரேட்டருக்கு முன்னால் ஒரு பெயரெச்சத்தைச் செருகியாயிற்று. வாக்கியம் முடிவதற்குள் அவர் திருடன். ‘விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட’ என்று எழுதினால் இடம் வீணாகும், வேலையும் கெட்டுவிடும்.

பரிந்துரையையும் வீணாக்காதீர்கள். மீட்டர் கேட்டது குச்சி அளவை நம்ப முடியாததால்தான். அதாவது அது ஆபரேட்டருக்குச் சாதகமான விஷயம். காரணத்தை வெட்டிவிட்டுப் பரிந்துரையை மட்டும் வைத்தால், ‘திருட்டு நடக்காமலா மீட்டர் கேட்பார்கள்?’ என்று எம்.டி. தானே முடிவுக்கு வந்துவிடுவார். நீங்கள் எதுவும் சொல்லவில்லை, பாருங்கள்.

‘நிரூபணமாகவில்லை’ என்பது கண்ணை உறுத்தினால், ‘ஆதாரம் இல்லாததால் தப்பினார்’ என்று மாற்றுங்கள். நல்லவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து ‘நிரபராதி என உறுதியாயிற்று’ என்பார்கள். அதிகாரி இரண்டையுமே சொல்லவில்லை.

விசாரணை அதிகாரியின் முடிவில் நிர்வாகத்துக்கு உடன்பாடில்லை என்றால், காரணத்தை எழுதி, ஊழியருக்குக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல், ஒரு வங்கி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்கெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். உங்களுக்கு ஒரு பெயரெச்சம் போதும்.

ஒரே ஒரு சிக்கல். தண்டிக்கும் முன் அறிக்கையின் நகலை ஊழியருக்குத் தர வேண்டும் என்பது அதே நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பு. ஆக, ஆபரேட்டரின் வக்கீல் கையில் முழு அறிக்கை இருக்கும், எம்.டி. கையில் உங்கள் பக்கம் மட்டும். தொழிலாளர் நீதிமன்றத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பார்கள்.

அந்தப் பயம் இருந்தால் மூன்று கட்டம் போடுங்கள்: புகார் சொன்னது, அதிகாரி கண்டது, இனிச் செய்யச் சொன்னது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அறிக்கையின் பத்தி எண். பயம் இல்லாதவர்கள் எண் போடவே வேண்டாம். போட்டால் யாராவது புரட்டிப் பார்த்துவிடுவார்கள்.