பொருள்: அம்மாவின் வட்ஸ்அப், இருப்பதும் இல்லாததும்

சட்டத்தரணி ஐயா அவர்களுக்கு,

"இருக்கிற ஆதாரத்தை எல்லாம் அனுப்புங்கள்" என்றீர்கள். அனுப்புகிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஆதாரம் என்றால் செக்ரோல்தான். அதை எழுதுவது தோட்ட நிர்வாகம். பூட்டி வைப்பதும் அவர்கள். எங்களிடம் இருப்பது கண்ணாடி வெடித்த ஒரு போன்.

மார்ச் 11 மாலை 6.42க்கு வெளிக்கள உத்தியோகத்தர் மலைக் குழுவில் குரல் பதிவு போட்டார். மருந்தடிக்கிறோம், மூன்று நாள் யாரும் கொழுந்துக்கு வர வேண்டாம் என்றார். அம்மா போகவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: அறிவிக்காமல் வராததால், தாமாகவே வேலையை விட்டவராம். வேலைக்கு வராதே என்ற கட்டளை தமிழில். வேலை போய்விட்டது என்ற கடிதம் ஆங்கிலத்தில். மொழிக் கொள்கை தெளிவாகத்தான் இருக்கிறது.

அந்தக் குரல் பதிவு இப்போது குழுவில் இல்லை. "செய்தி அழிக்கப்பட்டது" என்ற வரி மட்டும் கிடக்கிறது. அழித்த நேரம் அதில் இல்லை, 6.42 என்ற பழைய நேரமே நிற்கிறது. ஆனால் எல்லோருடைய போனிலும் சேர்த்து அழிக்க வட்ஸ்அப் தரும் அவகாசம் இரண்டு நாளும் சுமார் பன்னிரண்டு மணி நேரமும்தான். கூட்டிப் பாருங்கள் ஐயா. 14ஆம் தேதி காலை ஏழு மணிக்குள் உத்தியோகத்தர் அழித்திருக்கிறார். அதாவது அவர் கொடுத்த மூன்று நாள் முடியும் முன்பே. மறதியில் நடந்ததல்ல, ஏற்பாடாக நடந்தது.

அன்றிரவே அம்மா அந்தப் பதிவைப் பசறையில் இருக்கும் சின்னம்மாவுக்கு அனுப்பியிருந்தார். அனுப்பிய பிரதியை உத்தியோகத்தரால் அழிக்க முடியாது. அது 11 விநாடி. அதன் குறை இது: "அனுப்பப்பட்டது" என்ற முத்திரை இருக்கும், முதலில் பேசியவர் பெயர் இருக்காது. குரல் அவருடையது இல்லை என்பார்கள். அதற்குத்தான் அம்மாவின் பதில். அந்தப் பதிவின் மேலேயே வைத்து "சரிங்க ஐயா" என்று 6.44க்கு எழுதியிருக்கிறார். மூலம் போனாலும், பதிலின் தலையில் அவர் பெயரும் 0:11 என்ற நீளமும் அப்படியே இருக்கின்றன. சின்னம்மாவிடம் உள்ளதும் அதே 11 விநாடி.

சேமித்த விதம். உரையாடலை .txt கோப்பாக ஏற்றுமதி செய்தேன். அதை மட்டும் நம்பாதீர்கள். நோட்பேடில் எவரும் திருத்தலாம். அதோடு எந்தச் செய்திக்கு எந்தப் பதில் என்பது அதில் வராது. நமக்கு வேண்டியதே அதுதான். ஆகவே திரையை ஓடவிட்டு இன்னொரு போனால் வீடியோ எடுத்தேன். அம்மாவின் எண்ணை வேறு போனில் பதியவில்லை. பதிந்தால் பழைய போனில் வட்ஸ்அப் வெளியேறிவிடும். போன் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. தேவைப்பட்டால் நியாய சபை மேசையிலேயே திறந்து காட்டலாம்.

இல்லாதவை. உத்தியோகத்தர் அம்மாவோடு தனியாகப் பேசியவை ஏழு நாளில் மறையும்படி வைக்கப்பட்டிருந்தன. செய்திகள் மறைந்தன. அதை வைத்தவர் யார் என்ற வரி மட்டும் மறையவில்லை. காப்புப் பிரதியும் இல்லை. போன் கடைப் பையன் மார்ச் கடைசியில் இடம் போதவில்லை என்று துடைத்துவிட்டான். அதே குழுவில் இன்னும் பதினொரு பெண்கள். பதினொரு போனிலும் அதே வெற்றிடம். வாயிலும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு அவர்களுக்கும் பேர் விழ வேண்டும்.

செய்தி காணாமல் போவதிலும் மேல்சாதி கீழ்சாதி உண்டு. போரிஸ் ஜோன்சனின் போனில் 2020 ஜனவரி இறுதி முதல் ஜூன் வரை சுமார் 5,000 செய்திகள் இல்லை. கொரோனா ஆணைக்குழு மரியாதையாகக் கேட்டது; தொழில்நுட்பக் கோளாறு என்றார். 2022இல் லண்டனில் கால்பந்து வீரர் மனைவியரின் மானநஷ்ட வழக்கில், வழக்குத் தொடுத்தவருடைய முகவரின் போன் வடக்குக் கடலில் விழுந்துவிட்டதாம். எங்கள் மலையில் கடல் இல்லை ஐயா. எங்கள் போன் காணாமல் போயிருந்தால் களவு கொடுத்த கதை கட்டியதாகச் சொல்லியிருப்பார்கள்.

தொழில் நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்று சொன்னீர்கள். ஆறுதல். ஆனால் "ஜோடித்தது" என்று சொல்லக் கம்பனிக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. வேலை நிறுத்தி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும், நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஏற்றுமதிக் கோப்பில் இதுவும் வரவில்லை, வீடியோவில் இருக்கிறது. அம்மாவின் "சரிங்க ஐயா"வின் கீழே ஒரு கட்டைவிரல். தொட்டால் உத்தியோகத்தர் பெயர் வருகிறது. குரலை அழித்தவர் விரலை எடுக்க மறந்துவிட்டார். கைநாட்டு எங்கள் ஆட்களுக்குத்தான் என்பார்கள்.