கருடன், ராஜாளி, வல்லூறு

எங்கள் ஊர் நீட் கோச்சிங் சென்டர் பிரின்சிபால் பழைய இயற்பியல் வாத்தியார். சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும். சிவப்பு மட்டும்தான் எழுதும். புது பேட்ச் பிரித்ததும் பெற்றோருக்கு நாலு பக்கக் கடிதம் அனுப்பினார்.

"அன்புள்ள பெற்றோரே, போன வருஷம் ஏ, பி, சி என்று பிரித்தேன். சி பேட்ச் அப்பாக்கள் என் வண்டியில் காற்றைப் பிடுங்கினார்கள். ஆகவே கருடன், ராஜாளி, வல்லூறு. எல்லாமே உயரப் பறப்பவை."

பெயர் வந்ததும் ஊரில் பறவை ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. "கருடன் பெருமாள் வாகனமாச்சே, அதுதான் உசத்தி" என்றாள் என் மனைவி. எங்கள் பையன் வல்லூறு. 320 மார்க். எதிர்வீட்டுப் பெண் 315, அவள் ராஜாளி. இதை என் மனைவி பொறுப்பாளா?

அதற்கும் கடிதத்தில் பதில் இருந்தது. "மார்க்கைப் பார்க்காதீர்கள், தப்பைப் பாருங்கள். சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். 320 வாங்கியவர் 180 கேள்விக்கும் விடாமல் வட்டத்தைக் கறுப்பாக்கியிருக்கிறார். 100 சரி, 80 தப்பு. 315 வாங்கியவர் தொட்டதே 95 கேள்வி. 82 சரி, 13 தப்பு. இவருக்குத் தெரிகிறது, கை மெதுவு. மாலை 6 மணிக்குக் கடிகாரம் வைத்துப் பழக்குவேன். அவருக்குக் கை வேகம். தெரிந்து எழுதியது எது, குருட்டாம்போக்கில் விழுந்தது எது என்று அவருக்கே தெரியாது. காலை 5.30க்குப் பாடப்புத்தகத்தை வரிவரியாகப் படிக்க வைப்பேன். தப்பு இருபதுக்குள் வந்தால் ராஜாளிக்கு ஏற்றம்."

'அவர்' யாரென்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"ஞாயிறு மாதிரித் தேர்வு எல்லாருக்கும் மதியம் 2 முதல் 5 வரை. நிஜப் பரீட்சையும் அந்த நேரம்தான். விடியற்காலையில் சூரப்புலியாக இருக்கும் பிள்ளை, சாப்பிட்டபின் மூன்று மணிக்குக் கொட்டாவி விட்டால் என்ன பிரயோசனம்? அன்றைக்கு மட்டும் பிரியாணி வேண்டாம். பேட்ச் குறைகளையும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் கேட்பேன்."

மனைவி விரட்டியதில் ஞாயிற்றுக்கிழமை இரண்டேகாலுக்குப் போய் நின்றேன். அறை காலி. நாற்காலி முதுகில் துண்டு மட்டும் தொங்கியது.

"ஐயா உள்ள பரீட்சை எழுதுறாருங்க" என்றார் வாட்ச்மேன்.

"அவரா?"

"வாராவாரம் எழுதுவாரு. பிசிக்ஸ்ல புலி. பயாலஜி வந்தா எல்லாத்தையும் கறுப்பாக்கித் தள்ளிடுவாரு." குரலைத் தாழ்த்தினார். "போன வாரம்தான் வல்லூறுலேருந்து ராஜாளிக்கு ஏத்துனாங்க."