பொங்கல் வாழ்த்தில் நகை: கொட்டாம்பட்டி வட்டார நண்பர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

நெருங்கிய நண்பனுக்கு அனுப்பும் பொங்கல் வாழ்த்து எவ்வளவு கேலியைத் தாங்கும் என்பது, முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தயங்கும் பொருள். தை பிறந்தால் ஊரில் பாதிப் பேருக்கு இதைவிட அவசரமான கேள்வி இல்லை. எனவே இவ்வாய்வு தனியார் முயற்சியாக, ஒரு டீக்கடைப் பெஞ்சில், பிறர் செலவில் மேற்கொள்ளப்படுகிறது.

ஆய்வுக் களமாகக் கொட்டாம்பட்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலையில், மதுரை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிற ஊர் இது. வடக்கே போனால் துவரங்குறிச்சி, அது திருச்சி மாவட்டம். கிழக்கே சிங்கம்புணரி, சிவகங்கை மாவட்டம். மேற்கே நத்தம், திண்டுக்கல் மாவட்டம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இந்த நாலு பக்கமும்தான். ஆகவே இங்கே ஒருவன் நண்பனைக் கேலி செய்து ஒரு வாழ்த்தைக் குழுவில் போட்டால், அது நாலு மாவட்டத்துச் சம்பந்திகளும் படிக்கிற ஆவணம் ஆகிவிடுகிறது. நகைச்சுவையின் விளைவை அளக்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

முன்னோர் கருத்தைச் சொல்லாமல் ஆய்வு தொடங்குவது மரபன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறார். பின்னிரண்டும் அறியாமையின் இரு வகைகள். அவை வாழ்த்து எழுதுகிறவரிடம் தாராளமாகவே கிடைப்பதால் தனியே தேட வேண்டியதில்லை. சிக்கல் முதலாவதில் இருக்கிறது. எள்ளல் என்றால் நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது மட்டும் அல்ல, பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பதும்தான் என்று உரைகாரர்கள் இரண்டு திசைகளையும் காட்டியிருக்கிறார்கள். நம் வாழ்த்தாளர்கள் முதல் திசையை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

வள்ளுவரோ இந்தக் கட்டுரையின் தலைப்புக்கே ஆட்சேபம் தெரிவிக்கிறார். சிரித்து மகிழ்வதற்காக நட்புக் கொள்வதில்லை, எல்லை மீறும்போது இடித்துச் சொல்லவே நட்பு என்பது 784ஆம் குறளின் கருத்து. விளையாட்டுக்குக்கூட இகழ்ந்தால் வலிக்கும் என்று 995இல் மறுபடி எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு முக்கியமான நோய் பிடிபடும். இடித்துச் சொல்ல வேண்டியதை வருடம் முழுக்கச் சொல்லத் துணிவில்லாமல், பொங்கலன்று சிரிப்புப் படத்தோடு சேர்த்து அனுப்புகிற பழக்கம் அது. “இந்தத் தையிலயாச்சும் வாங்குன கடனக் கட்டுற வழியப் பாரு மாப்ள”, “அடுத்த பொங்கலுக்காவது ஜோடியா நின்னு பொங்க வைடா” என்பவை இந்த இனம். எழுதியவர் இதை நகைச்சுவை என்கிறார். படிப்பவருக்கு இது நோட்டீஸ். கடன், கல்யாணம், குழந்தை, குடி, வேலை, உடம்பு ஆகிய ஆறும் அறிவுரைக்கு உரியவை. அவற்றைச் சொல்ல விரும்புகிறவர் பண்டிகை இல்லாத ஒரு நாளில், ஆள் இல்லாத இடத்தில், முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இனி உரிமைப் பிரச்சினைக்கு வருவோம். நண்பனைக் கேலி செய்யும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது? மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் ‘ஆப்பிரிக்கா’ என்ற ஆய்விதழில் கேலி உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்யலாம், சில இடங்களில் செய்தே ஆகவேண்டும், கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். அவர் கொட்டாம்பட்டிப் பக்கம் வந்திருந்தால் இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார். மாமன் மகன், அத்தை மகன், மச்சான், கொழுந்தியாள் என்றால் கிண்டல் பண்ணலாம், பங்காளியிடம் கூடாது என்பது இங்கே திருவிழாவில் மஞ்சத்தண்ணி ஊற்றும் சிறுமிக்கே தெரியும். யார் தலையில் ஊற்றலாம், யாரைக் கண்டால் சொம்பை மறைக்க வேண்டும் என்பதில் அவள் தவறுவதே இல்லை.

நண்பர்கள் செய்வது என்னவென்றால், ரத்தத்தில் இல்லாத இந்த முறையை வாயால் கடன் வாங்குகிறார்கள். ‘மாப்ள’ என்று கூப்பிட்ட உடனே மச்சானுக்குரிய கேலி உரிமை தங்களுக்கும் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். (‘பங்காளி’ என்று கூப்பிட்டுவிட்டுக் கேலி செய்பவர்களை இவ்வாய்வு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் முறை கெட்டவர்கள்.) ஆனால் நிஜ மாமன் மகனின் கேலிக்குப் பின்னால் ஒரு பிணை இருக்கிறது. அவன் என்ன பேசினாலும் காதுகுத்துக்குச் சீர் தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். கோபித்துக்கொண்டவனும் அவன் வீட்டு விசேஷத்துக்குப் போயாக வேண்டும். உறவு அறுந்துபோகாது என்பதால்தான் அங்கே கேலி தாங்குகிறது. நட்புக்கு அந்தப் பிணை கிடையாது. மனசு நொந்த நண்பன் சண்டை போடமாட்டான், பஞ்சாயத்துக்கு வரமாட்டான், பேசாமல் இருந்துவிடுவான். எனவே நெருக்கமானவன்தானே என்று கூடுதலாகக் கேலி செய்யலாம் என்ற பொதுக் கருத்தை இவ்வாய்வு நிராகரிக்கிறது. மச்சானைவிட நண்பனிடம் ஒரு பிடி குறைத்தே போட வேண்டும்.

இதை ஒரு மாதிரியை வைத்துப் பரிசோதிப்போம். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடு போன வருடம் வாடிவாசலில் பிடிபட்டுப் போனது. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் வாரத்தில், அவருடைய உயிர் நண்பர் இப்படி எழுதுகிறார்:

“மாப்ள, பொங்கல் வாழ்த்துகள். இந்த வருசமாச்சும் உன் மாடு அண்டாவ நம்ம வீட்டுக்குக் கொண்டு வருமா, இல்ல போன வருசம் மாதிரி பிடிச்சவனுக்கே குடுத்துட்டு வருமா?”

வாக்கிய அளவில் குற்றம் சொல்ல முடியாது. சிரிப்பும் வருகிறது. ஆனால் களத்தில் நடப்பது வேறு. ஒருவன் திமிலைப் பிடித்து எல்லைக்கோடு வரைக்குமோ மூன்று துள்ளலுக்கோ விடாமல் போய்விட்டால் பரிசு அவனுக்கு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்கு. அந்தச் சில விநாடிக்காகத்தான் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் வைத்து, கண்மாயில் நீச்சல் விட்டு, மண்ணைக் குத்தப் பழக்கி வருடம் முழுக்க வளர்க்கிறார்கள். தண்ணி காட்டுவதும் தவிடு கலக்குவதும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். அந்த வாழ்த்தை நண்பர் படித்துச் சிரித்துவிடலாம். செல்லை எட்டிப் பார்த்த அவருடைய அம்மா சிரிக்கமாட்டார். கேலி போய் விழுந்தது மாட்டின் மேலே, மாடோ அந்த வீட்டில் பிள்ளைக் கணக்கு.

பழைய பொங்கல் வாழ்த்து அட்டையிலும் இதே ஆபத்து இருந்தது. சிவகாசியில் அச்சான நடிகர் படத்தையோ கரும்பும் பானையும் போட்ட படத்தையோ வாங்கி, உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, குறைந்த தபால் தலையில் அனுப்புவார்கள். வாசலில் வாங்கியவர் தொடங்கி வீடே படித்த பிறகுதான் அது உரியவர் கைக்கு வரும். அதனால்தானோ என்னவோ அந்தக் காலத்து அட்டைகளில் கேலி கொஞ்சம் அடக்கமாகவே இருந்தது. இப்போதைய ஃபிளெக்ஸ் போர்டு இந்தக் கூச்சத்தையும் தீர்த்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பத்தடிக்கு வைத்த கேலியைக் கழற்றி இறக்க ஆள் கூலியும் ஆகும்.

சரி, அதே நண்பருக்கு அதே மாட்டை வைத்தே சிரிக்கச் சிரிக்க எழுத முடியாதா? முடியும். உரைகாரர்கள் காட்டிய இரண்டாவது திசையில் திரும்ப வேண்டும். நமக்கென்று மைக்கைப் பிடித்த வர்ணனையாளர் இருக்கிறார். அவர் குரலை எடுத்துக்கொண்டு அதே ஆள் மறுபடி எழுதுகிறார்:

“பாரு பாரு பாரு… கொட்டாம்பட்டி மாப்ள மாடு வருது பாரு! தொட்டுப் பாரு! மாட்டோட வந்த கூட்டாளி எங்கப்பா? மாடு வாடிக்குள்ள போறதுக்கு முந்தியே கேலரி உச்சியில ஏறிட்டாரு! அவரக் கீழ எறக்குற வீரருக்கு விழாக் கமிட்டி சார்பா ஒரு கட்டில், ஒரு பீரோ! பொங்கல் வாழ்த்துகள் மாப்ள!”

இங்கே மாட்டின் மானம் காப்பாற்றப்பட்டது. பயந்தவன் எழுதியவன். அதைவிட முக்கியம், நண்பர் பதிலுக்குச் சேர்த்து விளையாட இடம் இருக்கிறது. “கட்டில் வேணாம், ஏணி குடுங்கப்பா” என்று அவர் எழுதலாம், அவர் அம்மாவே எழுதச் சொல்லலாம். முதல் மாதிரிக்குப் பதில் எழுத வேண்டுமானால் அவர் தன் மாட்டுக்கு வக்காலத்து வாங்க வேண்டியிருக்கும். கேலி நல்லதா கெட்டதா என்பதற்கு இவ்வாய்வு கண்ட அளவுகோல் இது ஒன்றுதான்: மறுபக்கத்து ஆளால் அதை வளர்க்க முடிகிறதா, அல்லது விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறதா?

இந்த முறைக்கும் எல்லை உண்டு. தன்னையே மட்டம் தட்டுவதில் சிலர் அளவு மறந்து, வேலை போனது, வயிற்றுப் புண் என்று இறங்கிவிடுவார்கள். நண்பர் சிரிப்பதை விட்டுவிட்டு, “என்னடா ஆச்சு, நான் வரவா?” என்று போன் பண்ணுவார். அவர் வீட்டுப் பொங்கல் பானை அதற்குள் அடிப்பிடித்திருக்கும். கேலரியில் ஏறிய அளவு போதும். கீழே விழ வேண்டாம். சிறுவயதுக் கதையும் பொதுவாகப் பாதுகாப்பானதே, ஆனால் கரும்பு திருடி அகப்பட்ட கதையை அவர் பிள்ளைகள் இருக்கும் குழுவில் போடக் கூடாது. அந்தப் பிள்ளைகளைத்தான் அவர் இப்போது ஒழுக்கமாக வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

கேலி தைத்துவிட்டதா என்பதை அறிவது எளிது. நண்பர் திட்டினால் ஒன்றுமில்லை, கெட்ட வார்த்தையில் திட்டினால் நட்பு நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது. கட்டைவிரல் படம் மட்டும் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இருபது வருடமாக “டா” போட்டவர், “நன்றி. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்” என்று எழுதினால் நிலைமை கவலைக்கிடம். தமிழில் மரியாதையை விட வலுவான கோபம் கிடையாது.

அப்போது இன்னொரு குறுஞ்செய்தி எழுதி விளக்கம் சொல்லாதீர்கள், “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று அறவே எழுதாதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு மாட்டுப் பொங்கலன்று நேரில் போங்கள். முதலில் மாட்டைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள், பிறகு அவர் அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணி கேளுங்கள்.