குளியலறை வாசலில் ஒரு குட்டி அணை

கே: ஊருக்கே அணை இருக்கிறது. எங்கள் குளியலறைத் தண்ணீர் மட்டும் கதவுக்கு அடியில் புகுந்து ஹாலுக்கு வந்துவிடுகிறது. தடுக்க வழி உண்டா? (வாசகி, மாட்டுப்பட்டி)

ப: கிரானைட் கடையில் மிச்சத் துண்டிலிருந்து 2 அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். மேல் விளிம்பை உருட்டிவிட்டால் கால் கிழியாது. இரண்டு நிலைக்கால்களுக்கும் நடுவே அளந்து, ஒவ்வொரு முனையிலும் 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். அந்த இடுக்கை நிரப்பத்தான் சிலிக்கான். உங்கள் அணை தன் கனத்தால் நிற்கிறது. இந்தப் பட்டையோ பசையை நம்பி நிற்கிறது. அதனால் டைல்ஸில் சோப்புப் படலம் போகத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு ஒட்டுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். டியூபில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். இரண்டு நாள் விடுங்கள். மாட்டுப்பட்டிக் குளிரில் இரண்டு நாள் குளிக்காதவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கே: பட்டையை ஒட்டியதும் கதவு மூட மாட்டேன் என்கிறது!

ப: கதவு உள்பக்கம் திறக்கிறதா? அப்படியானால் மூடிய கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். கதவு பட்டையில் வந்து சாயும். பலகையில் வழியும் நீரும் உள்ளேயே சொட்டும். வெளிப்பக்கம் திறக்கும் கதவானால் பட்டை உள்ளே வரவேண்டும். ஆனால் அப்போது பலகையில் வழியும் நீர் பட்டையைத் தாண்டி வெளியே விழும். கதவின் உள்முகத்தில், கீழ் ஓரமாக, பட்டைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு அலுமினிய மடிப்புத் தகடு அடித்தால் சொட்டு உள்ளே விழும்.

கே: எல்லாம் செய்தும் கசிகிறது. பட்டை உடைசலா?

ப: பட்டையைச் சந்தேகிக்காதீர்கள், இரண்டு முனைகளையும் சந்தேகியுங்கள். ஜாலியைத் துணியால் அடைத்து, பட்டையின் பாதி உயரத்துக்கு நீர் நிறுத்தி, வெளியே செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் பாருங்கள். ஓரத்தில் நனைந்தால் நிலைக்கால் இடுக்கு. அதை விட்டுவைத்தால் மரம் அடியிலிருந்து உளுத்துவிடும். நடுவில் நனைந்தால், பட்டைக்கு அடியில் ஓடும் டைல்ஸ் இணைப்பு. அங்கே எபாக்சி நிரப்பியபிறகே பட்டையை மறுபடி ஒட்ட வேண்டும்.

கே: பாட்டி தடுக்கி விழுவாரே?

ப: நியாயமான பயம். 12 மி.மீ.க்கு மேல் உயர்த்தாதீர்கள், இரு பக்கமும் சரிவு கொடுங்கள். சக்கர நாற்காலி போகவேண்டுமானால் மிதித்தால் மடங்கி நிமிரும் சிலிக்கான் பட்டை கிடைக்கிறது. தெறிக்கும் நீருக்கு அது போதும். தேங்கும் நீருக்குப் போதாது.

கே: “பட்டையெல்லாம் எதற்கு, மிதியடி போடுங்கள்” என்கிறார் கொத்தனார்.

ப: வாட்டம் போட்டது அவர்தானா? ஒரு குவளை நீரை வாசலோரம் ஊற்றுங்கள். ஜாலியை நோக்கி ஓடவேண்டும்; 5 அடிக்கு ஏறக்குறைய 2 செ.மீ. இறக்கம் வேண்டும். கதவைப் பார்த்து ஓடினால், மிதியடி வாங்கும் செலவை அவர் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்.